தோடியில் ஒரு ‘க’: தாளில் இருந்ததும் தந்தியில் வந்ததும்

என் வீணை வகுப்புக்கு அவள் வந்த முதல் நாளே ஒரு வர்ணத்தை வாசித்துக் காட்டினாள். சின்ன வயதில் கீபோர்டு கற்றவள். பிறகு வேறோர் இடத்தில் வீணையில் கீதம் வரைக்கும் வந்திருக்கிறாள். வேலைக்குப் போனதும் வகுப்பு நின்றுபோக, புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே தோடியில் ஒரு ஆதி தாள வர்ணம் படித்திருந்தாள். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. மெட்டுகளில் விரல் தப்பவில்லை. புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் தந்தியில் வந்தது. தோடி மட்டும் வரவில்லை.

“சிந்துபைரவி மாதிரி இருக்கு இல்ல, டீச்சர்?” என்று அவளே கேட்டாள். காது நன்றாக இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த இரண்டு மாதமும் இந்தக் கேள்வியைச் சுற்றியே போனது. வர்ணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரே ஒரு சொற்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்:

க , , , | ரி , ஸ ,

எட்டு அட்சரம். ‘க’ நான்கு, ‘ரி’ இரண்டு, ‘ஸ’ இரண்டு. ஒரு தட்டுக்கு நான்கு அட்சரமாக, தட்டு ஒரு விநாடி என்று காலப்பிரமாணம் வைத்தால் அந்த ‘க’ ஒரு முழு விநாடி நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த ஆய்வு.

எழுத்து சொன்ன இடம்

தோடி 8-வது மேளம். சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். புத்தகத்தின் தலைப்பில் இதெல்லாம் இருந்தது. வீணையில் சாரணித் தந்தியைத் திறந்து மீட்டினால் ஸ. முதல் மெட்டு சுத்த ரிஷபம், இரண்டாவது சதுஸ்ருதி ரிஷபம், மூன்றாவது சாதாரண காந்தாரம், ஐந்தாவது சுத்த மத்யமம். எனவே ‘க’ என்று பார்த்ததும் அவள் மூன்றாவது மெட்டில் விரலை வைத்து ஒரு விநாடி அசையாமல் நிறுத்தினாள். எழுதியிருந்ததைப் பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியாது.

கணக்குக்காக ஸ 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சுத்த ரிஷபம் ஏறக்குறைய 213, சதுஸ்ருதி ரிஷபம் 225, சாதாரண காந்தாரம் 240, சுத்த மத்யமம் 267. அவள் வாசித்த ‘க’ 240-இல் ஒரு நேர்கோடு. இந்த ஸ்வரங்களையே பெரும்பாலும் அசைக்காமல் நிறுத்திப் பாடினால் நம் காது சிந்துபைரவிப் பக்கமோ ஹிந்துஸ்தானி பைரவிப் பக்கமோ போய்விடும். அவளுக்குத் தோன்றியதும் அதுதான்.

தோடியில் அந்த காந்தாரம் 240-இல் நிற்பதே இல்லை. அந்த இடத்தைக் கடந்து கீழும் மேலுமாகப் போய் வருகிறது. கீழே ரிஷபத்தின் பக்கம், மேலே மத்யமத்தின் பக்கம். இரண்டுக்கும் நடுவில் 240-ஐ அது தாண்டும் நேரம் மிகக் கொஞ்சம். ஆனாலும் கேட்பவர் காதில் விழுவது ‘க’ தான். பாடுகிறவரும் வாயால் ‘க’ என்றுதான் சொல்கிறார்.

கமகம் என்பதை இந்த இடத்தில் மேலே ஒட்டும் அலங்காரம் என்று புரிந்துகொண்டால் வழி தவறிவிடும். முதலில் நேரான ஒரு காந்தாரம், பிறகு அதற்கு ஒரு பூ வேலை என்று எதுவும் இங்கே இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் கமகத்தை ஸ்வரத்தின் நடுக்கம், கேட்பவர் மனத்துக்கு இன்பம் தருவது என்று வரையறுத்தார். தோடி காந்தாரத்தைப் பார்த்தால் அந்த நடுக்கமே ஸ்வரமாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடியில் மிஞ்சுவது தோடியின் காந்தாரம் இல்லை.

இதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும்போது நாங்களே ஒரு எழுத்து என்றால் ஒரு மெட்டு என்றுதான் பழக்குகிறோம். முதல் வருஷம் முழுக்க அப்படிப் பழக்கிவிட்டு, வர்ணத்துக்கு வந்ததும் திடீரென்று அதை மறக்கச் சொல்கிறோம். ஆசிரியர் எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த மாற்றம் கேட்டுக் கேட்டே நடந்துவிடும். புத்தகத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தால் நடக்காது.

வளைகோடு போட்டுப் பார்த்தது

அடுத்து, எழுத்தின் மேல் குறி போட்டால் போதுமா என்று பார்த்தோம். இது நாங்கள் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1890-களில் சின்னசாமி முதலியார் நம் கிருதிகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் எழுதி அச்சிடத் தொடங்கினார். அவருடைய தூண்டுதலோடும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவோடும் சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் ‘சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி’யை வெளியிட்டார். தெலுங்கு எழுத்தில் அச்சான அந்தப் பெரிய நூலைப் பிற்பாடு சென்னை மியூசிக் அகாடமி தமிழில் ஐந்து பாகங்களாகக் கொண்டுவந்தது. அதில் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஒதுக்கல், ஒரிக்கை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்குச் சாய்கோடு என்கிற மாதிரி. தீக்ஷிதர் வைணிகர். பல குறிகளுக்கு அவர் தரும் விளக்கமே வீணையில் விரல் என்ன செய்ய வேண்டும் என்பதுதான். ராகத்தைத் தாளில் பிடிப்பதற்கு அதைவிட அக்கறையான முயற்சியை நான் பார்த்ததில்லை.

எனவே அவள் நோட்டில் ‘க’வின் மேல் ஒரு நெளிகோடு போட்டேன். கம்பிதம் என்றால் அசைப்பது என்றும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மூன்றாவது மெட்டில் விரலை வைத்து, மீட்டி, தந்தியை இழுத்து இழுத்து விட்டாள். அசைவு வந்தது, ஆனால் தோடி வரவில்லை. ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கும் உடனே விளங்கவில்லை, ஏனென்றால் பார்வைக்கு அவள் கையும் என் கையும் செய்வது ஒன்று போலவே இருந்தது. அவள் விரல் இருந்த மெட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இறுக்கம் கூடும், சுருதி ஏறும். விட்டால் மெட்டின் சுருதிக்குத் திரும்பும். அதற்குக் கீழே போக வழியே கிடையாது. மூன்றாவது மெட்டில் வைத்து எவ்வளவு அசைத்தாலும் 240-க்கு மேல்தான் ஆடும். தோடி காந்தாரத்துக்கோ கீழ்ப்பாதி வேண்டும். ஆக, ‘க’ என்று எழுதியிருக்கிற மெட்டில் விரலை வைத்த கணமே அந்த ‘க’வை வாசிக்க முடியாமல் போகிறது.

நான் கற்ற வழியில் மத்ய ஸ்தாயியில் இந்த ‘க’வுக்கு விரல் இரண்டாவது மெட்டில் இருக்கும். அங்கிருந்து மத்யமத்தின் பக்கம் வரைக்கும் இழுத்து விடுவோம். அந்த இரண்டாவது மெட்டு சதுஸ்ருதி ரிஷபம். தோடியில் இல்லவே இல்லாத ஸ்வரம். ராகத்தில் இல்லாத ஒரு மெட்டில் விரலை வைத்து அந்த ராகத்தின் உயிர் ஸ்வரத்தை வாசிக்கிறோம் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வேறு சிலர் சுத்த ரிஷப மெட்டிலிருந்தே இழுப்பார்கள். மெட்டு எதுவானாலும் அது ‘க’வுக்குக் கீழே இருக்கும்.

நெளிகோடு இதைச் சொல்லாது. அசைவு எங்கே தொடங்குகிறது, எதுவரை போகிறது, ஒரு விநாடியில் எத்தனை முறை, எந்த முனையில் தங்குகிறது என்று எதுவும் அதில் இல்லை. தோடி காந்தாரத்துக்கும் சங்கராபரண மத்யமத்துக்கும் கம்பிதம் என்று ஒரே பெயரைச் சொல்லலாம், ஒரே கோட்டைப் போடலாம். இரண்டு அசைவும் ஒன்றல்ல. தீக்ஷிதர் காலத்து வாசகர் அந்த ராகத்தை ஏற்கனவே கேட்டவர். இங்கே அசை என்று நினைவூட்டினால் அவருக்குப் போதும், எப்படி என்பது அவர் கையில் இருந்தது.

விரித்து எழுதியது

“அப்ப முழுசா எழுதிடலாமே, டீச்சர். எங்க தொடங்கணும், எங்க போகணும்னு” என்றாள். நியாயமான கேள்வி. வகுப்புகளில் பலரும் இப்படித்தான் சின்ன எழுத்தில் அனுஸ்வரங்களை எழுதித் தருகிறார்கள். நாங்களும் எழுதினோம். ஒரு விநாடி ‘க’வை ஆறாகப் பிரித்து, சதுஸ்ருதி ரிஷபத்தை ரி2 என்று குறித்து:

ரி2 ம ரி2 ம ரி2 ம | ரி , ஸ ,

வந்தது விபரீதம். அவள் ஒரு விரலை இரண்டாவது மெட்டிலும் இன்னொன்றை ஐந்தாவதிலும் வைத்து ஆறு ஸ்வரங்களையும் ஆறு மீட்டாக வாசித்தாள். சதுஸ்ருதி ரிஷபம் தனி ஸ்வரமாகக் காதில் விழுந்துவிட்டது. தோடிக்குள் கரகரப்ரியா எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. முதல் நாள் வாசித்தது கொஞ்சமாவது தோடிக்குப் பக்கத்து வீடு. இது வேறு ஊர்.

ஒரே மீட்டு என்று ஒரு வளைவு போட்டோம். இப்போது மீட்டு ஒன்றானது, ஆனால் அவள் விரலை மெட்டுகளின் மேலே இரண்டிலிருந்து ஐந்துக்குச் சறுக்கிக்கொண்டு போய்த் திரும்பினாள். வழியில் இருக்கும் மெட்டுகள் ஒவ்வொன்றும் லேசாகக் கேட்டன. அது ஜாரு, வேறு காரியம். இரண்டாவது மெட்டிலேயே விரல் இருக்க, தந்தியை இழு என்று வாயால் சொன்ன பிறகுதான் முதன்முறையாகத் தோடியின் வாசனை வந்தது. அதையும் எழுதலாம் என்று “2-வது மெட்டு, இழு” என்று குறித்துக்கொண்டாள். அது வீணைக்காரருக்கு மட்டும் ஆகும் குறிப்பு. பாடுகிறவருக்கும் வயலின்காரருக்கும் மெட்டே இல்லை.

இதற்குப் பிறகும் ஒரு குறை இருந்தது. அவள் அசைவு ஆறு சம பங்காக விழுந்தது. கடிகாரப் பெண்டுலம் மாதிரி இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் அவ்வளவு. உண்மையில் முதல் இழுப்பு கொஞ்சம் நிதானமாக எழும், நடுவில் நெருங்கும், ‘ரி’க்கு இறங்குவதற்கு முன் ஒரு கணம் தயங்கும். இதை எழுத ஆறு பங்கு போதாது. பன்னிரண்டாக்கினோம், பிறகு இருபத்துநான்காக்கினோம். ஒற்றை ‘க’வுக்கு ஒரு வரி முழுவதும் போனது. அவளால் அதைப் படிக்கவும் முடியவில்லை, படித்து முடிப்பதற்குள் தாளம் ஓடிவிட்டது.

விரித்து எழுதுவதில் இன்னொரு நஷ்டம் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ‘ரி2 ம ரி2 ம’ என்று எழுதும்போது தாளில் ‘க’ என்கிற எழுத்தே காணாமல் போய்விடுகிறது. கல்பனாஸ்வரம் பாடுகிறவர் ‘க’ என்று வாயால் சொல்லும்போது அந்த மொத்த அசைவும் ஒரே ஸ்வரமாகத்தான் அவர் மனத்தில் இருக்கிறது. அந்த ‘க’வை நினைத்துத்தான் அடுத்த கணக்கைப் போடுகிறார். விரித்து எழுதியது குரல் போன பாதையைக் காட்டும், ஆனால் ஸ்வரம் எது என்று காட்டாது. சுருக்கி எழுதியதில் ஸ்வரம் இருக்கும், பாதை இருக்காது. இரண்டையும் ஒரே வரியில் வைக்க எங்களுக்கு வழி கிடைக்கவில்லை.

வரைகோடு

அவள் பொறியாளர், விட மாட்டாள். ஒலிப்பதிவின் சுருதியை வரைகோடாகக் காட்டும் Praat என்ற இலவச மென்பொருளைக் கொண்டுவந்தாள். இதே சொற்கட்டை நான் மூன்று முறை வாசிக்க, அவள் பதிவு செய்து மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

எழுத்தும் குறியும் சொல்லாதது எல்லாம் அதில் இருந்தது. கீழ் முனை, மேல் முனை, ஒவ்வொரு இழுப்பின் நேரம், இறங்குமுன் வரும் தயக்கம், எல்லாம். ஆனால் மூன்று கோடும் ஒன்றாக இல்லை. ஒன்றில் மூன்று இழுப்பு, இன்னொன்றில் இரண்டும் கொஞ்சமும். ஒரு கோடு மத்யமத்தை நன்றாகத் தொட்டது, மற்றொன்று இரண்டாவது இழுப்பில் அதற்கு எட்டவே இல்லை. கீழ் முனைகளும் ஒரே இடத்தில் விழவில்லை.

“இதுல எது சரி?”

“மூணும்தான்.”

“அப்ப எதைப் பார்த்து வாசிக்கறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளே ஒரு வழி செய்தாள். மூன்றுக்கும் சராசரி எடுத்து ஒரு நாலாவது கோடு வரைந்து, அதைப் போலவே வாசித்துப் பழகிக்கொண்டு வந்தாள். சராசரி எடுத்ததில் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அசைவு தட்டையாகி, முதல் நாள் வாசித்த நேர் காந்தாரத்தின் பக்கம் பாதி தூரம் திரும்பியிருந்தது. நான் சிரித்துவிட்டேன், அவளும்தான்.

வரைகோடு ஒரு தடவை நடந்ததை அப்படியே பிடித்துவிடுகிறது. அதில் எது தோடிக்கு வேண்டியது, எது அன்றைக்கு என் கை போன போக்கு என்று பிரித்துச் சொல்வதில்லை. கீழ் முனை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ராகம் கெடாது. அந்த முனையில் தங்கிவிட்டால், சதுஸ்ருதி ரிஷபம் கேட்டுவிட்டால், கெட்டுவிடும். கோட்டைப் பார்த்தால் இரண்டும் சின்ன வித்தியாசம்தான். எது பெரிய பிழை என்று தெரிய நிறையத் தோடி கேட்ட காது வேண்டும். பாணிக்குப் பாணி இந்த எல்லையும் கொஞ்சம் நகரும். ஒருவர் கோட்டை அச்சடித்துச் சரியானது என்று வைத்தால் மற்றவரைத் தப்பு என்று சொன்னதாகிவிடும்.

நோட்டை மூடி வைத்து

பிறகு மூன்று வாரம் நோட்டைத் திறக்கவில்லை. நான் வாசிப்பேன், அவள் முதலில் ‘க’ என்று வாயால் பாட வேண்டும், பிறகு வீணையைத் தொடலாம். பாடும்போது அவளுக்கு முன்னமே வந்துவிட்டது, தந்தியில்தான் தாமதமாக வந்தது. குரலுக்கு மெட்டு இல்லாததால் எந்த இடத்தில் நிற்பது என்ற கேள்வியே எழவில்லை என்று நினைக்கிறேன். பாடியது காதில் இருக்கும்போதே விரல் அதைத் தேடிக்கொண்டு போனது. எத்தனை முறை இழுக்கிறோம் என்று எண்ணுவதை அவள் நிறுத்திய நாளில் பெண்டுலமும் நின்றது.

சரியாக வந்ததா என்று சோதிக்க ஒரு எளிய வழி வைத்திருந்தேன். தம்பூராவைப் போட்டு, வெறும் ‘க’வை மட்டும் வாசித்து நிறுத்தச் சொல்வேன். முன்பின் ஸ்வரம் எதுவும் கிடையாது. அதைக் கேட்டதும் அடுத்த அறையில் இருப்பவர் தோடி என்று சொல்ல வேண்டும். முதல் மாதம் யாரும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் மாடியிலிருந்து இறங்கி வந்த என் தங்கை, “காலங்கார்த்தால தோடியா?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம். வர்ணத்தை இரண்டாம் காலத்தில் எடுத்ததும் மறுபடி சிக்கல். அதே எழுத்து, இப்போது அரை விநாடி. அவள் அதே மூன்று இழுப்பையும் இரண்டு மடங்கு வேகத்தில் போட்டாள், குளிரில் நடுங்குவது போல் இருந்தது. காலம் ஏறினால் அசைவின் வேகம் அதே கணக்கில் ஏறுவதில்லை. இழுப்பின் எண்ணிக்கை குறைகிறது. கால் விநாடி ‘க’ என்றால் ஒரே ஒரு இழுப்புக்குத்தான் இடம், ஆனால் அந்த ஒன்றிலும் தோடி இருக்க வேண்டும். புத்தகத்தில் இரண்டு காலத்துக்கும் ஒரே வரி, கீழே ‘இரண்டாம் காலத்திலும் வாசிக்கவும்’ என்று ஒரு குறிப்பு.

போன வாரம் ‘ம க ரி’ என்று வேகமாக இறங்கும் ஒரு இடம் வந்தது. ‘க’வைப் பார்த்ததும் விரலை இரண்டாவது மெட்டுக்குக் கொண்டுபோய், கீழிருந்து மேலே இழுத்தாள். மத்யமத்திலிருந்து இறங்கி வருகிறவள் திடீரென்று கீழே குதித்து மறுபடி ஏறினாள். அங்கே தந்தியை மீட்டுவதற்கு முன்பே மத்யமம் வரை இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டிய பிறகு விட வேண்டும். இதுவும் அதே ‘க’ தான், புறப்படும் பக்கம் மட்டும் மாறிவிட்டது. இரண்டு மூன்று முறை வாசித்துக் காட்டினேன், பிடித்துக்கொண்டாள்.

அவள் கிளம்பிய பிறகு மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டைத் திறந்து பார்த்தேன். அந்த ‘க’வின் மேல் நெளிகோடும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. பென்சிலில் “இழுத்துட்டு மீட்டு” என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டிருந்தாள்.